தீவன மூட்டைக்குள் ஒளிந்த வரி

ஐயா,

"பாலுக்கும் மாட்டுத்தீவனத்துக்கும் ஜிஎஸ்டி இல்லையாமே, பிறகு மூட்டை விலையில் வரி எப்படி?" என்று எங்கள் பால் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் உறுப்பினரான ஓர் அக்கா கேட்டார். செயலாளர் காலி மூட்டையைப் புரட்டிக் காட்டினார். இந்த பிளாஸ்டிக் சாக்குக்குத் தீவன ஆலை 18 சதவீதம் வரி செலுத்தியிருக்கிறது. தீவனத்தில் கலக்கும், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸுக்கு 5 சதவீதம். தீவனம் வரிவிலக்குப் பொருள் என்பதால், வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரி வரவாகக் கழிக்க முடியாது. அது விலையில்தான் ஏறும். பாலும் அப்படித்தான். ஏற்றுமதி மட்டும் பூஜ்ய விகிதம், அதாவது வரிவிலக்கு அல்ல, வரி விகிதமே பூஜ்யம். அங்கே கட்டிய வரி திரும்பக் கிடைக்கும். "அப்போது தள்ளுபடி வெளிநாட்டுக்காரருக்கா?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. தீவன ஆலைகளுக்கும் அந்த வரியைத் திருப்பித் தர ஜிஎஸ்டி கவுன்சில் பரிசீலிக்க வேண்டும்.

- பால் உற்பத்தியாளர் ஒருவர், நாமக்கல் மாவட்டம்