கட்டிய பணமும் நிற்கும் பாக்கியும்

ஆசிரியருக்கு,

மின் கட்டண பாக்கி வைத்திருப்போரின் இணைப்பைத் துண்டிப்பது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பாக்கிப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் கட்டாதவர்கள் அல்ல. இந்த முறை யுபிஐ மூலம் நான் கட்டிய தொகை வங்கிக் கணக்கில் கழிந்துவிட்டது. மின்வாரியக் கணக்கிலோ இன்னும் பாக்கி என்றே காட்டுகிறது. பிரிவு அலுவலகத்தில் 'வங்கியில் கேளுங்கள்' என்கிறார்கள். வங்கியிலோ 'பணம் போய்விட்டது' என்கிறார்கள். சரி, அப்படியானால் பணம் எங்கே?

ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வணிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் யுபிஐயில் கட்டிய பணம் கழிந்தும், அது வந்ததற்கான உறுதி அவர்களுக்குக் கிடைக்காவிட்டால், அடுத்த 5 நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்தக் கெடு தாண்டியும் எனக்குப் பணம் திரும்பவில்லை. ஆகவே அது பெரும்பாலும் வாரியத்தின் கணக்கை அடைந்து, என் இணைப்பு எண்ணில் வரவு வைக்கப்படாமல் கிடக்கிறது. கணக்குச் சரிபார்ப்பில் நேர்ந்த இந்தக் குறைக்கு நுகர்வோர் இருளில் உட்கார முடியுமா? ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. பிரிவு அலுவலகத்திலேயே அந்த எண்ணைப் பதிவுசெய்து, பாக்கிக்கு எதிரே 'சரிபார்ப்பில் உள்ளது' என்று குறிக்க வழிசெய்யலாம். அதற்கு முடிவு தெரியும்வரை துண்டிப்புப் பட்டியலிலிருந்து அந்த இணைப்பை நீக்கி வைக்க வேண்டும். இரண்டாம் முறை கட்டச் சொல்வதையும் (அதையும் சொன்னார்கள்!) நிறுத்த வேண்டும்.

- ஒரு வாசகர்