கடைசி இருப்பு சரியாக இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஸ்டேட்மென்டில் கடைசி இருப்பு சரியாக இருந்தால் போதும், மற்ற வரிகளைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்’ என்று தங்கள் ஞாயிறு இதழின் சேமிப்புப் பகுதியில் படித்து மனம் வருந்தினேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் நாள்வழியும் பேரேடும் எழுதியவள் நான்; கூட்டல் கழித்தல் ஒரு பைசாகூடப் பிசகாமலே பணம் கைவிட்டுப் போகும் என்பதை என் கணக்கிலேயே பார்த்தேன்.

கடந்த மார்ச் 3 அன்று ஏடிஎம்மில் 10,000 ரூபாய் கேட்டேன். பணம் வரவில்லை, ஆனால் 14,250 ரூபாயாக இருந்த இருப்பு 4,250 ஆகிவிட்டது. 5ஆம் தேதி தானாகப் பிடிக்கப்பட வேண்டிய 5,000 ரூபாய்த் தவணை இருப்பு போதாமல் திரும்பியது. அதற்கு அபராதம் 250, ஜிஎஸ்டி 45, ஆக 295 ரூபாய் பற்று எழுதப்பட்டு, இருப்பு 3,955 ஆயிற்று. 12ஆம் தேதி 10,000 வரவாகி 13,955 என்று முடிந்தது. ஒவ்வொரு வரியின் இருப்பையும் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி.

தவறு இருந்தது மதிப்புத் தேதியில், அதாவது ஒரு வரவோ பற்றோ எந்த நாளிலிருந்து கணக்கில் கொள்ளப்படுகிறது என்று காட்டும் தேதியில். 3ஆம் தேதிப் பற்றுக்கும் 12ஆம் தேதி வரவுக்கும் ஒரே பன்னிரண்டு இலக்க ரெஃபரன்ஸ் எண் இருந்ததால்தான், வந்தது புதுப் பணமல்ல, என் பணமே என்று தெரிந்தது. அப்படியானால் அந்த வரவின் மதிப்புத் தேதி 3ஆக இருந்திருக்க வேண்டும்; 12 என்றே போட்டிருந்தார்கள். தினசரி இருப்பின் மேல் கணக்கிடப்படும் வட்டியில் ஒன்பது நாள் போனது சிறு தொகைதான். ஆனால் 3 என்று இருந்திருந்தால், தவணை திரும்பியது என் குற்றமல்ல என்பதை அந்த ஒரு வரியே காட்டியிருக்கும்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட விதிப்படி, இத்தகைய தொகை ஐந்து நாளுக்குள் திரும்பாவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை நாம் கேட்காமலே வரவு வைக்க வேண்டும். எனக்கு நான்கு நாளுக்கு 400 ரூபாய் வர வேண்டியிருந்தும் ஸ்டேட்மென்டில் அப்படியொரு வரியே இல்லை. இல்லாத வரியைக் கடைசி இருப்பு எப்படிக் காட்டும்? இரண்டு எழுத்துப் புகார்களுக்குப் பின்பே அதுவும் அபராதமும் திரும்பின.

பதிவுகளைப் புரியும்படி அச்சிடுமாறு 2017லேயே வங்கிகளுக்குச் சொல்லப்பட்டது. ஆயினும் என் பாஸ்புக்கில் மதிப்புத் தேதிக்குப் பத்தியே கிடையாது, ரெஃபரன்ஸ் எண் பாதியில் வெட்டுப்படுகிறது, ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறி அச்சாகிறது. கவுன்டரில் கேட்டால், “இருப்பு சரியாத்தானே இருக்கு அம்மா” என்கிறார்கள். தாங்களும் அதையே எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவையெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், மதிப்புத் தேதியையும் ரெஃபரன்ஸ் எண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்