ஜப்பானுக்குப் பிள்ளைகளை அனுப்பி வைக்கும் ஆசிரியர்களுக்கு: காயின் லாண்டரிப் பலகையையும் கொஞ்சம் படிக்கச் சொல்லிக் கொடுங்கள்

ஜப்பானில் படிக்கப் போகும் மாணவர்களுக்கு மொழி வகுப்பும் பயணத்துக்கு முந்தைய வகுப்பும் எடுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் படித்துவிட்டு இங்கே வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, எந்தக் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று தெரிகிறது, ரயிலில் போன் பேசக் கூடாது என்பதும் தெரிகிறது. மொழித் தேர்வில் என்-4 பாஸ் பண்ணியவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே, அழுக்குத் துணி மூட்டையோடு, காசு போட்டுத் துணி துவைக்கும் காயின் லாண்டரி ஏதோ ஒன்றில் நின்றுகொண்டு, சுவரில் இருக்கும் பலகையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். யோகோஹாமாவில் உட்கார்ந்துகொண்டு நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்வதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பலகையில் ஒரு வரி இருக்கிறது, அதைப் பற்றி அவர்கள் யாரும் கேட்பதே இல்லை, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்ற எவரையும்விட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டிய வரி அது. அதற்காகத்தான் இந்த மடல்.

கடைசியாக வந்தது ஒஸாகாவில் இருக்கும் ஒரு தம்பியின் போட்டோக்கள். வீட்டை விட்டு முதல் தடவை தனியாகத் தங்குகிற பையன், அறையில் வாஷிங் மெஷின் கிடையாது. அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, பவுடர் எங்க போடணும்? ட்ரேயே காணோமே." கையில் அப்போதுதான் வாங்கிய சோப்புப் பவுடர்.

ட்ரே இல்லைதான். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் மெஷின் கதவுக்கு மேலேயே 洗剤自動投入 என்று எழுதியிருக்கிறது. சென்ஸாய் என்றால் சோப்பு, அதை மெஷினே தானாகப் போட்டுக்கொள்ளும் என்று அர்த்தம். இங்கே நிறைய காயின் லாண்டரிகளில் இப்படித்தான், சோப்புக்குத் தனியாகக் காசு இல்லை. இது தெரியாமல் பவுடரையும் டிரம்முக்குள் கொட்டினால் நுரை அதிகமாகி அலசல் சரியாக நடக்காது, சில நேரம் மெஷின் பாதியில் நின்று பிழை எண் காட்டும். துணியை எடுத்தால் வழுவழுவென்று இருக்கும், காய்ந்த பிறகு அந்த இடங்கள் விறைத்துப் போகும். 洗剤 என்ற இரண்டு எழுத்தையும் வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடுங்கள், போதும். கடையில் சோப்பு என்று நினைத்து 柔軟剤 பாட்டிலை, அதாவது வாசனைக்கும் மென்மைக்கும் கடைசியில் ஊற்றுகிற திரவத்தை, வாங்கி வந்து மாதக்கணக்கில் அதிலேயே துவைப்பவர்களுக்கும் அது உதவும்.

அடுத்த போட்டோ பொத்தான்கள். மூன்றே மூன்று. 洗濯乾燥 என்றால் துவைத்துக் காய வைத்துக் கொடுப்பது, 洗濯 துவைப்பது மட்டும், 乾燥 காய வைப்பது மட்டும். அந்தக் கடையில் முதலாவதற்கு 60 நிமிடம் 1,000 யென், துவைக்க மட்டும் 30 நிமிடம் 500 யென். இதுபோக சுவரோரமாகக் காய வைக்கும் மெஷின்கள் தனியாக நிற்கின்றன, அவற்றில் 100 யென்னுக்கு 8 நிமிடம். விலையும் நேரமும் கடைக்குக் கடை மாறும், ஆனால் இந்த அமைப்பு பெரும்பாலும் மாறாது. மெஷின் 100 யென் நாணயத்தைத்தான் நம்பும். 2021-இல் வந்த புது 500 யென் நாணயத்தைப் பல மெஷின்கள் துப்பிவிடும், சில்லறை மாற்றும் பெட்டி பழசாக இருந்தால் 2024-இல் வந்த புது 1,000 யென் நோட்டையும் வாங்காது. மீதிச் சில்லறையும் திரும்ப வராது. ஆகவே கையில் பத்து 100 யென் நாணயம் இருந்தால்தான் கடைக்குள் நுழைவதில் அர்த்தம்.

தம்பிக்கு அந்த 1,000 யென் பொத்தானை அமுக்கிவிட்டு அறைக்குப் போய்விடலாம் என்று ஆசை. வேண்டாம் என்றேன், ஏனென்றால் அவன் மூட்டையில் இரண்டு ஜீன்ஸ், ஏழெட்டு டி-ஷர்ட், உள்ளாடைகள், ஒரு கைலி, ஒரு துண்டு இருந்தன, இவை எல்லாம் ஒரே நேரத்தில் காய்கிற துணிகள் இல்லை. துவைத்துக் காயவும் வைக்கிற மெஷினில் கதவு பூட்டிக்கொள்ளும், நடுவில் எதையும் எடுக்க முடியாது. ஜீன்ஸ் காயும்வரை டி-ஷர்ட்டும் சூட்டில் உருண்டு சுருங்கும். முதலில் துவைக்க மட்டும் 500 யென் போடு என்றேன். கைலியைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன், புதுசு, சாயம் போகும், அதை அறையில் பக்கெட்டில் அலசிக்கொள்ளலாம். துவைத்து முடிந்ததும் துண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உதறி, பக்கத்தில் இருக்கும் தனி மெஷினில் போட்டு மூன்று நாணயம், 24 நிமிடம். அப்புறம் திறந்து டி-ஷர்ட்டின் கை மடிப்பையும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். டி-ஷர்ட் எல்லாம் காய்ந்திருந்தது, ஜீன்ஸில் இடுப்பும் பை உட்பக்கமும் ஈரம். காய்ந்ததை எடுத்துவிட்டு ஜீன்ஸுக்கு மட்டும் இன்னும் இரண்டு நாணயம், 16 நிமிடம். மொத்தக் கணக்கு அதே 1,000 யென்தான், ஆனால் டி-ஷர்ட் தப்பித்தது. சில மெஷின்களில் கதவைத் திறந்து வைத்திருக்கும்போதும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் தொட்டுப் பார்ப்பதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். டிரம்மில் பாதிக்கு மேல் துணியை அடைத்தால் எத்தனை நாணயம் போட்டாலும் நடுவில் இருப்பது காயாது.

துண்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதுதான் விஷயம்.

அவன் அனுப்பிய கடைசிப் போட்டோவில், பலகையின் கீழ் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று இருக்கிறது. பொடி எழுத்து. அதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை, ஏதோ வழக்கமான விதிமுறை என்று விட்டுவிட்டான். அதில் இருப்பது இதுதான்: சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, இயந்திர எண்ணெய், அழகு நிலைய எண்ணெய், பென்சின், தின்னர், பெட்ரோல் பட்ட துணிகளை, துவைத்த பிறகும்கூட, காய வைக்கும் மெஷினில் போடவே கூடாது, தானாகத் தீப்பிடிக்கலாம். தேட வேண்டிய எழுத்து 油, அபுரா, எண்ணெய். ரப்பர் சாமான்களுக்கும் இதே தடைதான்.

இப்போது நம் பிள்ளைகளின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அம்மா வைத்து அனுப்பிய நல்லெண்ணெய் பாட்டில் இல்லாத பெட்டி எத்தனை? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை துவட்டிய துண்டு, தினமும் எண்ணெய்த் தலையோடு படுத்த தலையணை உறை, இரண்டும் ஞாயிற்றுக்கிழமை மூட்டையில் வந்துவிடும். இதோடு பகுதி நேர வேலை வேறு. வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி இருப்பதால் பலர் உணவகச் சமையலறையில் நிற்கிறார்கள், பொரிக்கிற எண்ணெய் தெறித்த ஏப்ரனும் அதே மூட்டையில்தான்.

துவைத்தால் எண்ணெய் போய்விடாதா என்று தம்பி கேட்டான். முழுக்கப் போகாது. மெஷினில் துவைத்தாலும் நூலுக்குள் ஊறியது கொஞ்சமாவது தங்கிவிடும். நல்லெண்ணெய் மாதிரியான எண்ணெய்கள் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேரும்போது கொஞ்சம் சூட்டை வெளிவிடும். கொடியில் விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. மெஷினின் வெப்பத்தில் அந்தச் சேர்க்கை வேகமாகிறது. அந்தச் சூட்டோடு எடுத்து மடித்து, கூடையிலோ பையிலோ அடுக்கி வைத்தால் உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சி வேண்டாம், மெஷின் ஓட வேண்டிய அவசியமும் இல்லை, நின்று சில மணி நேரம் கழித்துக்கூடப் புகையும். மசாஜ் எண்ணெய் பட்ட துண்டுகளை வைத்து இங்கே தீயணைப்புத் துறை எச்சரிப்பது இதைத்தான். நம் ஊரில் மொட்டை மாடியும் வெயிலும் இருந்ததால் இந்த ஆபத்தை நாம் யோசிக்க வேண்டி வரவில்லை. தேங்காய் எண்ணெயில் இந்தச் சேர்க்கை மிகவும் குறைவு, உண்மைதான், ஆனால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்கள் பலவும் கலப்பு, துண்டைப் பார்த்து எந்த எண்ணெய் என்று யார் பிரித்துச் சொல்வது? பலகையும் பிரிக்கவில்லை.

துவைத்து எடுத்த ஈரத் துண்டை முகர்ந்து பாருங்கள், எண்ணெய் வாசனை வந்தாலோ விரலில் வழுக்கினாலோ மஞ்சள் திட்டு தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம், அது கொடிக்கு. வாசனை வரவில்லை என்பதற்காக மெஷினில் போட்டுவிடலாம் என்றும் ஆகாது. எண்ணெய்க் குளியல் துண்டு, தலையணை உறை, சமையலறை ஏப்ரன் மூன்றும் எப்போதும் அறையில்தான் காய வேண்டும், ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் சரி. தெரியாமல் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் நிறுத்தி, துணியைக் குவித்து வைக்காமல் ஒவ்வொன்றாக விரித்து ஆற விட வேண்டும். கருகிய வாசனை வந்தால் தொடாமல் வெளியே வந்து 119-க்கு அழைக்க வேண்டும், தீயணைப்புக்கு இங்கே அந்த எண்தான்.

தம்பியின் துண்டு இப்போது அவன் அறை ஜன்னலில் தொங்குகிறது. கொஞ்சம் அலுத்துக்கொண்டான், ஆனால் கேட்டான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வகுப்பின் கடைசி நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, இப்படி ஒரு பலகையின் போட்டோவைத் திரையில் போட்டு, சோப்பு தானாக வருமா, எந்தப் பொத்தான், எத்தனை நாணயம் என்று அவர்களையே படித்துச் சொல்ல வையுங்கள். சிவப்புக் கட்டத்தில் 油 எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பிறகு அவரவர் சட்டையின் உட்புற லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்: சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் மெஷினில் காய வைக்கலாம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி என்றால் அதிகச் சூடும் தாங்கும், மேலே பெருக்கல் குறி இருந்தால் கூடாது. 2016 டிசம்பரிலிருந்து ஜப்பானும் இதே சர்வதேசக் குறிகளுக்கு மாறிவிட்டதால் நம் ஊர்ச் சட்டையிலேயே பழகிக்கொள்ளலாம். நீங்கள் பெற்றோருக்குக் கொடுக்கும் சாமான் பட்டியலில், எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில், தலை துவட்டத் தனியாக ஒரு பழைய துண்டு, நாலு முழக் கொடிக் கயிறு, பத்து கிளிப் என்று மட்டும் சேர்த்துவிடுங்கள். போட்டோக்கள் வேண்டுமென்றால் கேளுங்கள், முகமும் கடைப் பெயரும் இல்லாமல் என்னிடம் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
யோகோஹாமாவிலிருந்து ஓர் அக்கா