ஞாயிறு வகுப்பு: நீர்ச் சுழற்சிப் பாடம்

வணக்கம், தம்பி தங்கைகளே. ரங்கூன் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை 10 மணிக்கு நீங்கள் எடுக்கும் வகுப்புக்கு இப்படித் தயாராகுங்கள்.

1. ஆங்கிலப் பாடத்தைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் பேசுகிற தமிழில் ஐந்தே வரி எழுதுங்கள்.
2. வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். போனமுறை 'ஆவி சுருங்குகிறது' என்றதும் பிள்ளைகள் விழித்தார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியில முத்து முத்தா நிக்குதுல்ல? அது காத்துல இருந்த ஆவி, குளிர்ச்சி பட்டுத் தண்ணியாயிருச்சு."
3. அப்புறம் 'கண்டென்சேஷன்' என்ற சொல்லைச் சொல்லுங்கள். பரீட்சையில் அதுதான் வரும்.
4. பிள்ளையைத் திருப்பிச் சொல்லவிடுங்கள். "டம்ளர் கசியுது" என்றால் புரியவில்லை. மூடிய டம்ளரைக் காட்டி மறுபடி சொல்லுங்கள்.

ஐந்து வரியையும் வெள்ளி இரவுக்குள் குரல் பதிவாக இங்கே அனுப்புங்கள். வர முடியாதவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள்.