வண்டிக்கு டீசல் போட்ட அத்தனை பேருக்கும்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

தை, மாசியில் நடந்த வசூல் முடிந்து கணக்கும் நேர் செய்தாகிவிட்டது. மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து டயாலிசிஸுக்காகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வரும் நம் வண்டி, இன்னும் ஒரு வருடம் நிற்காமல் ஓடும். சிகிச்சைக்கு அங்கே காசு இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்வரும் செலவுதான் கூலி வேலை செய்யும் குடும்பத்தை உட்கார வைத்துவிடுகிறது. அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். நன்றி.

கொடுத்தவர்கள் 460 பேர். வந்தது 6,90,000 ரூபாய். அதை வசூலிக்க ஆன செலவு 62,100. ஆக, நன்கொடை ஒன்றுக்கு 135 ரூபாய், வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 9 ரூபாய் வசூலுக்கே போயிருக்கிறது. மீதி 6,27,900. டீசல், ஓட்டுநர் சம்பளம், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் சேர்ந்து மாதம் 52,000 ஆகும் வண்டிக்கு அது சரியாக ஒரு வருடத்துக்கு வரும்.

இந்த 135 ஒரு சராசரிதான். யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது, அதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் க்யூஆர் படம் அனுப்பியதில் 230 பேர் கொடுத்தார்கள். செலவு 4,600 ரூபாய், அதாவது ஆளுக்கு 20. ரசீதுப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போனதில் 150 பேர். பெட்ரோல், நோட்டீஸ், ரசீது அச்சடித்தது என்று 30,000 ஆனது, ஆளுக்கு 200. வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்குப் போன் செய்ததில் 80 பேர். போன் செய்த தங்கைக்குக் கொடுத்த பகுதிநேரச் சம்பளமும் ஆன்லைன் கட்டணமும் சேர்ந்து 27,500, ஆளுக்கு 344.

இதை மட்டும் பார்த்தால் யாரும் க்யூஆரே போதும் என்பார்கள். ஆனால் க்யூஆரில் வந்தது 1,15,000. ஊர் வசூலில் 2,25,000. போனில் 3,50,000. நூறு ரூபாய்க்கு இவ்வளவு செலவு என்று பார்த்தால், ஆளுக்கு அதிகச் செலவான போன் வசூல் 8 ரூபாயில் நிற்கிறது, ஊர் வசூல் 13 ரூபாய்க்கு ஏறுகிறது. நன்கொடை ஒன்றுக்கான செலவையும் ரூபாய்க்கான செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் காட்டும் அறிக்கை எந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போகும்.

ஊர் வசூலில் ஆளுக்கு ஆன அந்த 200 ரூபாயில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஊர் வசூலுக்குப் போன தம்பிகளும் அக்காக்களும் கொடுத்த நேரம் மொத்தம் 240 மணி. மணிக்கு 60 ரூபாய் என்று போட்டால்கூட 14,400 ஆகிறது. அதைச் சேர்த்தால் நன்கொடை ஒன்றுக்கு 296 வரும். இடையில் இருக்கும் 96 ரூபாயை அவர்கள் வாங்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அது எங்கேயும் வராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அப்புறம், திரும்ப வந்தவர்கள். போன வருடம் கொடுத்தவர்கள் 400, இந்த வருடம் 460. வளர்ச்சி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் போன வருடத்து 400 பேரில் இந்த வருடமும் கொடுத்தவர்கள் 148 பேர், நூற்றுக்கு 37. மற்ற 252 பேர் வரவில்லை. அவர்கள் இடத்தைப் புதிதாக வந்த 312 பேர் நிரப்பியதால்தான் எண்ணிக்கை கூடியது. தக்கவைத்தல் விகிதத்தைப் போன வருடத்து ஆட்களை வைத்துத்தான் வகுக்க வேண்டும், இந்த வருடத்து மொத்தத்தை வைத்தல்ல.

ஊர் வசூலில் போன வருடம் கொடுத்த 110 பேரில் 77 பேர் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், நூற்றுக்கு 70. போனில் கொடுத்த 50 பேரில் 35 பேர், அதுவும் 70. க்யூஆரில் 240 பேரில் 36 பேர்தான், வெறும் 15.

ஊர் வசூலில் ஏன் இப்படி என்பதை நேரில் பார்த்தேன். கோட்டூர் பக்கம் ஒரு வீட்டில், நோட்டீஸை நீட்டியதுமே அந்த அம்மா கேட்டது, “போன வருசம் குடுத்தது என்னாச்சு தம்பி?” என்றுதான். கூட வந்த தம்பி வண்டியின் லாக் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். தேதி, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் ஏறினார்கள், கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல். அந்த அம்மா விரலை வைத்து வரி வரியாக இறங்கி, தன் ஊர்ப் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்தார். லாக் புத்தகத்தைக் கூடவே எடுத்துப் போகலாம் என்று சொன்னது ஓட்டுநர் அண்ணன். அவருக்குத் தனி நன்றி.

நேரமும் கைகொடுத்தது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கியில் பணம் ஏறிய பிறகுதான் விவசாயி கையில் காசு நிற்கும். அதைப் பார்த்து ஊர் வாரியாகத் தேதி குறித்துக் கொடுத்த பெரியப்பாவுக்கு நன்றி. மூட்டையாகவே நெல் கொடுத்தவர்களும் உண்டு. அதை விற்று வந்த தொகையைத்தான் வரவில் வைத்திருக்கிறோம், நாமாக ஒரு விலை போடவில்லை.

க்யூஆரில் கொடுத்தவர்களுக்கு அக்கறை குறைவு என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். வங்கி ஸ்டேட்மெண்டை வரி வரியாகப் பிரித்துக் கொடுத்த அக்கா கண்டுபிடித்தது இது. போன வருடத்து 240 பேரில் 90 பேருடைய போன் எண்தான் நம்மிடம் இருந்தது. பெரும்பாலும் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்டு, பெயர், முகவரி, பான் எண் அனுப்பியவர்கள். அந்த 90 பேருக்கும் நன்றி சொன்னோம், வண்டி ஓடிய கணக்கை அனுப்பினோம். அவர்களில் 34 பேர் திரும்ப வந்தார்கள், நூற்றுக்கு 38. மற்ற 150 பேர் ஸ்டேட்மெண்டில் ஒரு யூபிஐ ஐடியாக மட்டுமே இருந்தார்கள். அதே ஐடியிலிருந்து இந்த வருடம் மறுபடி வந்தது இரண்டே பேர். வேறு கணக்கிலிருந்து யாராவது போட்டிருந்தால் அவர்கள் நம் கண்ணுக்குப் புதியவர்களாகத் தெரிவார்கள், ஆகவே உண்மையான விகிதம் 15க்குச் சற்று மேலேயே இருக்கும். எண் கொடுத்தவர்கள் முதலிலேயே கூடுதல் ஈடுபாடு உள்ளவர்கள் என்பதும் உண்மைதான். அதனால் முழு வித்தியாசமும் நன்றி சொன்னதால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் தெரியாதவருக்கு நன்றி சொல்ல வழியில்லை, கணக்குக் காட்டவும் வழியில்லை.

இந்த வருடம் க்யூஆர் படத்துக்குக் கீழேயே “பணம் போட்டதும் இந்த எண்ணுக்குப் பெயரையும் ஊரையும் அனுப்புங்க” என்று பெரிய எழுத்தில் போட்டார் நோட்டீஸ் வடிவமைத்த தம்பி. 230 பேரில் 161 பேர் அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஆன கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

80ஜி கேட்டவர்களுக்கு ஒன்று: மே 31க்குள் நாங்கள் நன்கொடை விவரங்களோடு வருமான வரித் துறையில் படிவம் 10பிடி தாக்கல் செய்ததும் சான்றிதழ் உங்கள் கைக்கு வரும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த தொகைக்கு வரிச்சலுகை கிடையாது, அவர்களுக்குச் சாதாரண ரசீது மட்டும் வரும்.

இன்னும் பெயர் தெரியாத 69 பேருக்கும் இந்த மடலிலேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன். அவர்களில் நீங்கள் ஒருவரென்றால், போட்ட தொகையையும் யூபிஐ செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் வசூல் எண்ணுக்கு அனுப்புங்கள். ரசீதும் வண்டி ஓடிய கணக்கும் உங்கள் பெயருக்கே வரும்.