நேர்காணலுக்கு நீ எழுதிய அந்த ஒரு பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

வங்கியில் பதவி உயர்வு நேர்காணலுக்காக நீ எழுதி அனுப்பிய குறிப்பைப் படித்தேன். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது, நாள் அதிகம் இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் உன்னைக் காணவில்லை. "கிளைப் பணிகளைத் திறம்படச் செய்து வருகிறேன், வாடிக்கையாளர்களைப் பொறுமையுடன் கையாள்கிறேன், தொடர்ந்து கற்று வருகிறேன்" என்ற மூன்று வரியும் உன் கிளையில் எந்தக் கிளார்க்குக்கும் பொருந்தும்.

நான் சர்வீசில் இருந்தபோது சில ஆண்டுகள் இந்த நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்குப் பத்து, பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். குறிப்பை முன்கூட்டியே நிதானமாகப் படித்து வைக்க யாருக்கும் நேரம் இருக்காது. நீ நாற்காலியை இழுத்து உட்காரும்போதுதான் கண் அதில் ஓடும். எங்கே ஒரு விவரம் தட்டுப்படுகிறதோ, அங்கிருந்து முதல் கேள்வி வரும். தட்டுப்பட எதுவுமே இல்லையென்றால் ரெப்போ வட்டி விகிதம், வங்கி மூலதனம் பற்றிய பேசல் விதிகள் என்று கேள்வி எங்கே வேண்டுமானாலும் போகும். ஆகவே எதைக் கேட்கலாம் என்று நீயே காட்டிக்கொடுக்கும் இடம் அந்தப் பக்கம்தான்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். கிளார்க்கிலிருந்து ஸ்கேல் 1 ஆபீசராகப் போகிறாய். இன்று நீ என்ட்ரி போடுகிறாய், வேறொருவர் பார்த்து ஒப்புதல் தருகிறார். நாளைக்கு இன்னொருவர் போட்டதை நீ பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இவனை நம்பி அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாமா என்பதுதான் குழுவின் மனதில் ஓடும் கேள்வி. அதற்கு விடை சொல்லாத வரிகளை எடுத்துவிடு.

"இறந்தோர் கணக்குகளைத் தீர்த்து வைத்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதற்குள் இருக்கும் கதையை நீ எனக்குப் போனில் சொல்லியிருக்கிறாய், நினைவிருக்கிறதா? 2025 பிப்ரவரியில் ஒரு பெண் கணவரின் பாஸ்புக்கோடு வந்தார். ஜனவரியில் மாரடைப்பில் அவர் இறந்துவிட்டார், வயது 47. கணக்கில் பதினோராயிரம் ரூபாய் சொச்சம். அதை எடுக்க முடியுமா என்று மட்டும்தான் கேட்டார். நீ பாஸ்புக்கை முன்பக்கமாகப் புரட்டி, போன மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பற்று வைத்திருப்பதைப் பார்த்தாய். அது ஜீவன் ஜோதி பீமா பிரீமியம். அந்த வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாது.

இந்த இடத்தை விரித்து எழுது. அந்தத் திட்டத்தின் ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. 2024 மே மாதம் பிரீமியம் போயிருப்பதால் ஜனவரியில் காப்பீடு உயிரோடு இருந்தது. முந்தைய ஆண்டும் பிரீமியம் போயிருந்ததால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உள்ள முதல் 30 நாள் கட்டுப்பாடு அவருக்குப் பொருந்தாது. வயது 55-க்குள். ஆக 2 லட்சம் கிடைக்க வேண்டும். அதே பாஸ்புக்கில் 20 ரூபாய் பற்றும் இருந்ததே, அது சுரக்ஷா பீமா, விபத்துக்கு மட்டும். மாரடைப்புக்கு வராது என்பதை அந்தப் பெண்ணிடம் அன்றே சொல்லிவிட்டாய். வராத பணத்துக்கு அவரை அலையவிடவில்லை. அதையும் எழுது. எது கிடைக்காது என்று தெளிவாகச் சொல்வதும் வாடிக்கையாளரைக் கையாள்வதில் சேர்ந்ததுதான்.

அப்புறம் வந்த சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கு திருமணத்துக்கு முன் திறந்தது, அதனால் அதில் நாமினி இறந்தவரின் அம்மா. காப்பீட்டு ஒப்புதல் படிவத்தில் நாமினி மனைவி. பலரும் சிஸ்டத்தில் ஒரு நாமினி பெயரைப் பார்த்ததும் இரண்டுக்கும் அவர்தான் என்று முடிவு செய்துவிடுவார்கள். நீ பழைய படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாய். காப்பீட்டுக்கு மனைவியிடம் கிளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ், அவருடைய கேஒய்சி, அவர் கணக்கு விவரம் வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினாய். கணக்கிலிருந்த பணத்துக்கு மாமியாரை வரச் சொன்னாய். இறப்புச் சான்றிதழில் இனிஷியல் வேறாக இருந்ததால் ஆதாரை வைத்து ஒப்பிட்டு, இருவரும் ஒருவரே என்று மேனேஜரிடம் குறிப்பு எழுதி வாங்கினாய். நாமினி அந்தப் பணத்தை வாரிசுகள் சார்பில் பெறுகிறார், அவருக்கே சொந்தமாகிவிடுவதில்லை என்று இரண்டு பெண்களையும் உட்கார வைத்து நீ விளக்கியதால் கவுன்டரில் சண்டை வரவில்லை.

இதை எழுதினால் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்று என்னால் இப்போதே சொல்ல முடியும். "நாமினியே இல்லையென்றால் என்ன செய்வாய்?" என்பார்கள். ரிசர்வ் வங்கியின் 2025 செப்டம்பர் உத்தரவை இன்னொரு முறை படித்துவிட்டுப் போ. நாமினி இல்லாத கணக்கில், வர்த்தக வங்கிகள் குறைந்தது 15 லட்சம் வரை எளிய நடைமுறையில், கோர்ட் வாரிசுச் சான்றிதழ் கேட்காமல் தீர்க்க வேண்டும். தேவையான காகிதங்கள் எல்லாம் வந்த பிறகு 15 நாளில் முடிக்க வேண்டும். உங்கள் வங்கியின் உள் சுற்றறிக்கையில் எந்தப் படிவம், யாருக்கு எவ்வளவு வரை அதிகாரம் என்பதையும் பார்த்துக்கொள். குழு அதைத்தான் துருவும்.

கற்றல் பகுதியை இதோடு கோர்த்துவிடலாம். இப்போது நீ ஜேஏஐஐபி வங்கித் தேர்வை முடித்தது, அடுத்த தேர்வான சிஏஐஐபி எழுதிக்கொண்டிருப்பது, இணையவழிப் பயிற்சிகள் என்று வரிசையாகப் போட்டிருக்கிறாய். தேர்ச்சி விவரம் உன் பணிப்பதிவிலேயே இருக்கிறது, ஒரு வரி போதும். படித்தது கவுன்டருக்கு எப்படி வந்தது என்பதற்குத்தான் இடம் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டம் மாறியது. டெபாசிட் என்றால் நால்வருக்கும் இவ்வளவு சதவீதம் என்று ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுக்கலாம், அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசை போடலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். சுற்றறிக்கை வந்த வாரமே நீ இதை ஒரு தாளில் தமிழில் எழுதி கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியதாகவும், பிக்சட் டெபாசிட் புதுப்பிக்க வருபவர்களிடம் நாமினி யார் என்று கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னாய். திருமணத்துக்கு முன் போட்ட நாமினி அப்படியே இருக்கும் கணக்குகள் எத்தனை என்று அதில்தானே உனக்குத் தெரிந்தது? பிப்ரவரியில் பார்த்த கேஸ், நவம்பரில் வந்த விதி, அதன் பிறகு நீ மாற்றிக்கொண்ட பழக்கம் என்று வரிசையாகச் சொன்னால் குழுவுக்குத் தானாகப் புரியும்.

கிளைப் பணிக்கு வருகிறேன். கேஷ், கிளியரிங், பாஸ்புக், லாக்கர் என்று எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறாய். எல்லாவற்றிலிருந்தும் கேள்வி வரும், தயாரா? கேஷை மட்டும் எடுத்துக்கொள். தலைமைக் கேஷியராக ஒரு சாவி உன்னிடம், இன்னொன்று ஆபீசரிடம். நாள் முடிவில் இருவரும் சேர்ந்து எண்ணி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் பெட்டகத்தைப் பூட்டுகிறீர்கள். அந்த இரட்டைப் பொறுப்பு எதற்காக என்று உன் வார்த்தையில் சொல்லிப் பார். நாளைக்கு இரண்டாவது சாவி உன்னிடம்தான் வரும்.

அந்தக் கடைக்காரர் கட்டிய பணத்தில் இரண்டு 500 ரூபாய் கள்ள நோட்டு வந்ததே, அதையும் சேர். "தெரிந்தவர்தானே, திருப்பிக் கொடுத்துவிடு" என்று பக்கத்துக் கவுன்டரில் சொன்னபோதும் நீ கொடுக்கவில்லை. முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அவருக்கு ரசீது கொடுத்தாய். ஒரே பரிவர்த்தனையில் நான்கு நோட்டு வரை என்றால் மாத முடிவில் போலீசுக்கு ஒருங்கிணைந்த அறிக்கை, ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உடனே போலீசில் புகார் என்ற வேறுபாடு உனக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம், கேட்டால் சொல். எல்லாவற்றையும் பக்கத்திலேயே கொட்டிவிட்டால் பேச ஒன்றும் மிஞ்சாது.

ஒரு வரியைக் கண்டிப்பாக அடித்துவிடு. "என் பணிக்காலத்தில் கிளையின் டெபாசிட் 4 கோடி உயர்ந்தது" என்பது கிளையின் கணக்கு. "இதில் உங்கள் பங்கு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டால் நீ தடுமாறுவாய், அதன் பின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நீ சேர்த்த காப்பீட்டுப் படிவங்கள், நீ புதுப்பித்த நாமினேஷன்கள் என்று பதிவேட்டில் காட்டக்கூடிய எண்ணை மட்டும் போடு. சின்ன எண்ணாக இருந்தாலும் சரி. மேனேஜரிடம் காட்டி உறுதி செய்துகொள். வாடிக்கையாளர் யாருடைய பெயரும், கணக்கு எண்ணும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது.

உன் இறப்புக் கணக்கு வரியை நான் இப்படி மாற்றிப் பார்த்தேன்: "கணக்கில் உள்ள தொகையைக் கேட்டு வந்த ஒருவரின் பாஸ்புக்கில் காப்பீட்டுப் பிரீமியம் பற்று வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்து, அவர் அறியாதிருந்த 2 லட்சம் ரூபாய்க்கான கிளெய்மை அனுப்பி வைத்தேன். கணக்குக்கும் காப்பீட்டுக்கும் நாமினி வெவ்வேறாக இருந்ததை மூலப் படிவத்தில் சரிபார்த்தேன். இதன் பின் டெபாசிட் புதுப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் நாமினி விவரத்தைக் கேட்டு உறுதி செய்கிறேன்." இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நீ பேசுகிற மாதிரி மாற்றி எழுது, இல்லையென்றால் வாயில் வராது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிய பக்கத்தை அனுப்பு. அன்று இரவு சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு, குழுவில் இருந்தால் நான் என்ன கேட்பேனோ அதையெல்லாம் கேட்கிறேன். அப்பாவையும் ஒரு கேள்வி தயார் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா