சொந்த ரத்தமும் காட்டிக்கொடுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிள் பந்தய ஊக்கமருந்து பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தி, எங்கள் காப்பிக்கடையில் ஒரு வாக்குவாதத்தைக் கிளப்பிவிட்டது. "தன் ரத்தத்தைத் தானே எடுத்துவைத்துத் தானே ஏற்றிக்கொண்டால் எப்படிப் பிடிப்பார்கள்?" என்றார் நண்பர். நியாயமான கேள்விதான். அடுத்தவர் ரத்தம் என்றால் சிவப்பணுக்களின் மேலுள்ள அடையாளங்களே சொல்லிவிடும். 2004இல் அமெரிக்க சைக்கிளோட்டி டைலர் ஹாமில்டன் அப்படித்தான் சிக்கினார். சொந்த ரத்தத்தில் அந்நியமாக எதுவும் இல்லை.

ஆனால் உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்த தானம் செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு பை எடுத்தால் ஹீமோகுளோபின் இறங்கும். அதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை இளம் சிவப்பணுக்களைக் கூடுதலாக அனுப்பும். சில வாரம் கழித்து அதே பையைத் திரும்ப ஏற்றினால் ஹீமோகுளோபின் ஏறும். போதுமான அணுக்கள் இருப்பதால் மஜ்ஜை வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த இரண்டையும் சேர்த்து ஓர் எண் கணக்கிடுகிறார்கள். லிட்டருக்கு இத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற அளவிலிருந்து, இளம் அணுக்களின் சதவீதத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 60ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஒரு வீரருக்குச் சாதாரணமாக 150 கிராம், 1 சதவீதம் என்று வையுங்கள்: எண் 90. ரத்தம் எடுத்த பின் 140, 1.7 என்றானால் 62க்கு இறங்கும். திரும்ப ஏற்றிய பின் 160, 0.5 என்றானால் 118க்குத் தாவும். தனியாகப் பார்த்தால் எந்த அளவும் பெரிதாக உறுத்தாது. அவருடைய பழைய அளவுகளோடு வரிசையாக வைத்தால்தான் கோணல் தெரியும். அந்த வரிசைதான் உயிரியல் கடவுச்சீட்டு.

தண்ணீரோ உப்புநீரோ ஏற்றி ஹீமோகுளோபினைக் குறைத்துக் காட்டலாமே என்பார்கள். குறையும்தான். ஆனால் இளம் அணுக்களின் அளவு சதவீதம். எவ்வளவு நீர்த்தாலும் அந்த விகிதம் மாறாது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த வரிசையில் கோணல் இருப்பதாகக் கணினி எச்சரித்தவுடன் தடை விதித்துவிடுவதில்லை. உயரமான மலையில் பயிற்சி செய்துவிட்டு இறங்கியவருக்கும் இதே சாயல் வரும். ஆகவே ரத்தம் எடுக்கும்போதே அண்மையில் மலைக்குப் போனாரா, ரத்தம் இழந்தாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு நிபுணர்கள் வீரரின் பெயர் தெரியாமலே பதிவைப் பார்க்கிறார்கள். இத்தாலிய சைக்கிளோட்டி ஃபிராங்கோ பெல்லிசோட்டிக்கு 2011இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் இரண்டாண்டுத் தடையை இந்தப் பதிவை வைத்தே விதித்தது.

ஓட்டையும் உண்டு. முழுப் பைக்குப் பதில் சிறு அளவாக ஏற்றினால் எண் அதிகம் அசையாது. பந்தய நாளில் மட்டும் சோதித்தால் ரத்தம் எடுத்த கட்டமே பதிவில் இருக்காது. பந்தயத்துக்குச் சில வாரம் முன்பே, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக் கதவைத் தட்டுவது அதனால்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த ஆய்வுக்கூட ஊழியர்,
தோ பாயோ